கடிதத்தில் பாதி இடம் சரக்குக்கு

மதுரையில் மசாலாப் பொடி செய்து விற்கும் சின்ன நிறுவனம் எங்களுடையது. சாம்பார்ப் பொடி, மிளகாய்த் தூள், இட்லிப் பொடி, ரசப் பொடி, அவ்வளவுதான். தென்காசிக்கு 2019 முதல் ஒரே விநியோகஸ்தர். நான் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன், இங்கேயும் அப்படியே சொல்கிறேன். அவருடைய ஏஜென்சியை 2023 ஜூனில் முடித்தோம். அந்தக் கடிதத்தை எப்படி எழுதினேன், எதில் சறுக்கினேன் என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

மாதம் ஒன்றரை லட்சம் ரூபாய்க்குச் சரக்கு எடுக்க வேண்டும் என்பது பேச்சு. முதல் மூன்று வருடம் அதைத் தாண்டியே எடுத்தார். அப்புறம் அவருடைய மகன் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டார், வண்டி ஓட்டிக்கொண்டிருந்த பையனும் நின்றுவிட்டான். வண்டி கடை கடையாகச் சரக்குப் போடப் போகும் பதினொரு லைனில் நான்கு லைன்தான் ஒழுங்காகப் போனது. கடைசி ஆறு மாதம் சராசரி அறுபதாயிரத்தைத் தொடவில்லை. கடைக்காரர்கள் எங்கள் சேல்ஸ் பையனிடம் நேராகவே கேட்டார்கள், "உங்க பொடி இப்ப வருதா இல்லையா?" என்று.

முதலில் நான் எழுதிய வரைவு இரண்டு பக்கம். அதில் ஒன்றரைப் பக்கம் குற்றச்சாட்டு. எந்த மாதம் எவ்வளவு குறைந்தது, எந்த லைனுக்கு எத்தனை வாரம் போகவில்லை, எத்தனை முறை போனில் சொன்னோம், எல்லாம் தேதி வாரியாக. கடைசியில் ஒரே ஒரு வரி: "கையிருப்பில் நல்ல நிலையில் உள்ள சரக்கை நிறுவனத்தின் விதிகளின்படி திரும்பப் பெற்றுக்கொள்வோம்." எழுதி முடித்ததும் எனக்கே திருப்தியாக இருந்தது. வக்கீலாக இருக்கும் நண்பரிடம் காட்டினேன். படித்துவிட்டு, "இது கடிதமா, வழக்கா?" என்றார்.

அவர் சொன்னது இது. எங்கள் ஒப்பந்தத்தில் முடிப்பதற்கு இரண்டு வழி இருந்தது. ஒன்று, அவர் ஒப்பந்தத்தை மீறினார் என்று சொல்லி முடிப்பது. அதற்கு முதலில் குறையைச் சுட்டிக்காட்டி, சரிசெய்ய அவகாசம் கொடுத்து, பிறகுதான் முடிக்க முடியும். மீறினார் என்று நாம் நிரூபிக்கவும் வேண்டும். இன்னொன்று, யாரும் காரணம் சொல்லாமல் முப்பது நாள் நோட்டீஸ் கொடுத்து முடித்துக்கொள்ளலாம் என்ற பிரிவு. "இரண்டாவது இருக்கும்போது முதல் வழியில் ஏன் போகிறாய்? குறை சொன்னால் அவர் பதில் சொல்லியே தீருவார். மார்ச் மாதம் நீங்கள் தலையில் கட்டின சரக்கைப் பற்றி எழுதுவார்" என்றார். இதில் உச்ச நீதிமன்றம் 1990-ல் இந்தியன் ஆயில், அமிர்தசரஸ் கேஸ் சர்வீஸ் வழக்கில் சொன்னதையும் எடுத்துக்காட்டினார். முப்பது நாள் நோட்டீஸில் முடித்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தத்திலேயே இருந்தால், தவறாக முடித்திருந்தாலும் ஏஜென்சியைத் திரும்பக் கொடு என்று உத்தரவு போட முடியாது, அந்த நோட்டீஸ் காலத்துக்கான நஷ்ட ஈடுதான் கிடைக்கும் என்பது அந்தத் தீர்ப்பு. ஆக, காரணத்தை அடுக்குவதால் எனக்கு ஒரு லாபமும் இல்லை, வம்புதான் மிச்சம்.

மார்ச் சரக்கு என்று அவர் சொன்னது உண்மைதான். வருடக் கணக்கை அழகாகக் காட்டுவதற்காக எங்கள் ஏரியா மேனேஜர் மார்ச் கடைசி வாரத்தில் அண்ணாச்சிக்குப் பன்னிரண்டு வாங்கினால் ஒன்று இலவசம் என்று லோடு ஏற்றிவிட்டார். விற்காத மனிதரிடம் இரண்டு மாத விற்பனைக்கும் மேலாகச் சரக்கு. எனக்குத் தெரிந்தே நடந்தது. அந்தச் சரக்கில் பெரும்பகுதி அவருடைய குடோனில்தான் கிடந்தது.

சரக்கு விஷயத்தில் எனக்கு ஏற்கெனவே ஒரு சூடு உண்டு. அதற்கு முந்தைய வருடம் வேறொரு ஊரில் ஒரு விநியோகஸ்தரை வாட்ஸ்ஆப்பில் நான்கு வரி அனுப்பி முடித்தோம். சரக்கைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டோம். அவர் காத்திருக்கவில்லை. பெட்டி பெட்டியாக மொத்தக் கடையில் பாதி விலைக்குத் தள்ளிவிட்டார். புதிதாக வந்தவர் கடைக்குப் போனால், "நீங்க சொல்ற ரேட்டுக்குக் கீழ சந்தையிலேயே கிடைக்குதே" என்று பதில். மூன்று மாதம் அந்த ஊரில் எங்களுடைய விலை நிற்கவில்லை. விட்டுப் போகிறவர் கோபத்தில் நம்மைத் திட்டினால் தாங்கிக்கொள்ளலாம். சரக்கைத் தள்ளிவிட்டால்தான் அடி.

அதனால் இரண்டாம் முறை எழுத உட்கார்ந்தபோது, என் பக்கத்திலிருந்து யோசிப்பதை நிறுத்திவிட்டு அண்ணாச்சியின் குடோனிலிருந்து யோசித்தேன். கவரைப் பிரித்ததும் அவர் என்ன தேடுவார்? குடோனில் கிடக்கும் சரக்கு என்ன ஆகும், ஒரு லட்சம் டெபாசிட் எப்போது வரும், கடைகளில் நிற்கும் கடன் வசூலாகுமா, இந்த மூன்றும்தான். ஏன் எடுக்கிறார்கள் என்பது அவருக்கே தெரியும்.

கடிதத்தைத் தமிழில் எழுதினேன். ஒப்பந்தம் ஆங்கிலத்தில் இருந்தாலும், வீட்டில் அவருடைய மனைவியும் படிக்கப் போகும் கடிதம் இது. தொடக்கம் இப்படி இருந்தது:

"2019 முதல் தென்காசிப் பகுதியில் எங்கள் பொருள்களைக் கடைகளுக்குக் கொண்டு சேர்த்தவர் நீங்கள். நம் ஒப்பந்தத்தின் 14-ஆம் பிரிவின்படி இந்த ஏஜென்சி ஏற்பாட்டை 11.08.2023 அன்றுடன் முடித்துக்கொள்கிறோம். ஒப்பந்தத்தில் முப்பது நாள் என்று இருந்தாலும், சரக்கையும் வசூலையும் நீங்கள் அவசரமில்லாமல் முடிக்க வேண்டும் என்பதால் இன்றிலிருந்து அறுபது நாள் வைத்திருக்கிறோம். இன்று முதல் உங்களுக்குப் புதிய பில் போட மாட்டோம்."

அவ்வளவுதான், முடிக்கிற விஷயம் ஒரு பத்தியில் தீர்ந்தது. "வருத்தத்துடன்", "தவிர்க்க முடியாத சூழ்நிலையால்" என்பதெல்லாம் போடவில்லை. முடிக்கப் பார்க்கிறோம் என்பது போன்ற மழுப்பலும் இல்லை. தேதி தெளிவாக இல்லாவிட்டால், இன்னும் பேசிப் பார்க்கலாம் போல என்று நினைத்து அவர் சரக்கைப் பிடித்துவைத்துக்கொள்வார். கடைசி வாக்கியத்தை நண்பர்தான் சேர்க்கச் சொன்னார். நோட்டீஸ் காலத்தில் சரக்கு போய்க்கொண்டிருந்தால் திரும்ப வரும் கணக்குக்கு முடிவே இருக்காது.

அதன்பின் பாதிக் கடிதம் சரக்கு. எங்கள் பொடிகளுக்கு ஆயுள் ஒன்பது மாதம். இரண்டு பேரும் சேர்ந்து எண்ணும் நாள் ஜூன் 20 என்று குறித்தேன். அன்றைய கணக்கில் நான்கு மாதத்துக்கு மேல் தேதி இருந்து, பெட்டி பிரிக்காமல் இருப்பது முதல் வகை. அதை பில் விலைக்கு முழுதாக எடுத்துக்கொள்வோம், வண்டி வாடகை எங்களுடையது. நான்கு மாதத்துக்குக் குறைவாகத் தேதி இருப்பது இரண்டாம் வகை. அது திரும்பி மதுரைக்கு வந்து, வேறு ஊருக்குப் போய், கடையில் ஏறுவதற்குள் விற்கும் காலம் கரைந்துவிடும். அதனால் அதை அவரே நோட்டீஸ் காலத்துக்குள் கடைகளுக்கு விற்க வேண்டும், அதற்கு நாங்கள் பதினைந்து சதவீதம் தள்ளுபடி தாங்குவோம். தேதி முடிந்தது மூன்றாம் வகை. அதில் பாதி நஷ்டம் அவருடையது, பாதி எங்களுடையது. ஒப்பந்தப்படி தேதி முடிந்த சரக்குக்கு நாங்கள் ஒன்றும் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் மார்ச் லோடு வந்த பிறகு பழைய சரக்கு பின்னால் போய் மாட்டிக்கொண்டது என்பது குடோனைப் பார்த்தால் தெரியும்.

கடிதத்தைத் தபாலில் மட்டும் அனுப்பாமல் நானே ஜூன் 12 அன்று எடுத்துக்கொண்டு போனேன். கடைக்குள் நுழைந்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது.

"என்ன தம்பி, ஏஜென்சிய எடுக்கப் போறியளா?"

"ஆமா அண்ணாச்சி. சரக்கு, டெபாசிட் எல்லாம் இதுல எழுதியிருக்கு. படிச்சுப் பாருங்க."

முதல் பக்கத்தை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு இரண்டாம் பக்கத்துக்குப் போனார். அங்கேதான் நின்றார். இரண்டு முறை படித்தார். காபி சொல்லிவிட்டு, "வாடகை ஒங்களுதுன்னு போட்டிருக்கே, ஏத்துக்கூலி?" என்றார். அதை நான் யோசிக்கவே இல்லை. எங்களுடையதுதான் என்று சொல்லி, இரண்டு பிரதியிலும் பேனாவால் எழுதி இருவரும் சுருக்கொப்பம் போட்டோம். பிரதியில் கையெழுத்துக் கேட்டபோது தயங்கினார். "கடிதம் கிடைச்சதுக்குத்தான் அண்ணாச்சி, கணக்கை ஒத்துக்கிட்டதுக்கு இல்ல" என்று சொல்லி, "பெற்றுக்கொண்டேன்" என்பதோடு தேதி மட்டும் போட வைத்தேன். அன்றே அதே கடிதம் பதிவுத் தபாலிலும் போனது.

ஜூன் 20 எண்ணிக்கையில் முதல் சண்டை வந்தது. ஒரு மாத விற்பனைக்கு வேண்டியதை அவர் ஒதுக்கிக்கொண்டு மீதியை அடுக்கிவைத்திருந்தார். ஒன்பது பெட்டிகள் மேலே டேப் பிரிக்கப்பட்டிருந்தன, உள்ளே பாக்கெட் எல்லாம் சரியாக இருந்தது. "பெட்டி பிரிக்காமல்" என்று கடிதத்தில் இருப்பதைக் காட்டி எங்கள் பையன் அவற்றை ஒதுக்கினான். அண்ணாச்சிக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. எண்ணிப் பார்ப்பதற்காகத்தான் பிரித்தாராம். அவர் சொன்னது நியாயம். பெட்டி பிரிக்கக் கூடாது என்று நான் எழுதியதன் நோக்கம் விலை ஸ்டிக்கர் ஒட்டியது, எலி கடித்தது, எண்ணெய் பட்டது வரக் கூடாது என்பது. அதை அப்படியே எழுதியிருக்க வேண்டும். ஒன்பது பெட்டியையும் எடுத்துக்கொண்டோம்.

இரண்டாவது விஷயம் கொஞ்சம் நுணுக்கமானது. இதில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள், தெரியாமல் ஏமாற்றவும் செய்கிறார்கள். முதல் வகைச் சரக்குக்கு அவர் போட்ட மதிப்பு 1,13,750 ரூபாய், வரி இல்லாமல். நாங்கள் போட்டது 1,05,000. எப்படி இவ்வளவு வித்தியாசம்? நூறு கிராம் சாம்பார்ப் பொடி டஜன் 480 ரூபாய், பாக்கெட் 40 என்று பில்லில் இருக்கிறது. அவர் பாக்கெட்டை எண்ணி நாற்பதால் பெருக்கிவிட்டார். ஆனால் மார்ச்சில் அவருக்குப் பன்னிரண்டுக்கு ஒன்று இலவசமாகப் போயிருக்கிறது. அதாவது 480 ரூபாய்க்குக் கையில் வந்தது பதின்மூன்று பாக்கெட். ஒரு பாக்கெட் உண்மையில் 36 ரூபாய் 92 காசு. திரும்ப வரும்போதும் அதுதான் விலை. பில்லை எடுத்து மேசையில் வைத்து ஒரு டஜனுக்குக் கணக்குப் போட்டுக் காட்டியதும் அவர் ஒத்துக்கொண்டார், பழைய வியாபாரி. ஆனால் இதைக் கடிதத்திலேயே, இலவச பாக்கெட்டையும் சேர்த்துப் பிரித்து வரும் விலை என்று ஒரு உதாரணத்தோடு எழுதியிருந்தால், அந்த அரை மணி நேர முகச்சுளிப்பு இருந்திருக்காது. "பில் விலை" என்ற சொல் எனக்கு ஒன்று, அவருக்கு இன்னொன்று.

வரிப் பக்கம் எங்கள் ஆடிட்டர் பார்த்துக்கொண்டார். சரக்கு திரும்பும்போது இரண்டு வழி உண்டு. அவரே எங்களுக்கு வரியோடு பில் போட்டு விற்பது போல அனுப்பலாம், அல்லது அவர் டெலிவரி சலானில் அனுப்ப, நாங்கள் பில் தொகையைக் குறைத்து ஜிஎஸ்டியோடு கிரெடிட் நோட் போடலாம். நாங்கள் கிரெடிட் நோட்டை எடுத்துக்கொண்டோம். அதற்குக் காலக்கெடு உண்டு: பில் போட்ட நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30-க்குள், அதற்கு முன்பே வருடாந்திர ரிட்டர்ன் போட்டுவிட்டால் அந்தத் தேதிக்குள், கிரெடிட் நோட் எங்கள் ரிட்டர்னில் ஏறிவிட வேண்டும். மார்ச் 2023 பில்லுக்கு நவம்பர் 2023 வரை என்பதால் எங்களுக்கு இடம் இருந்தது. நாங்கள் கிரெடிட் நோட் போட்டதும் அவர் தன் வரியில் கழித்துக்கொண்டிருந்த உள்ளீட்டு வரியில் அந்த அளவைத் திருப்ப வேண்டும். அதை அவருடைய கணக்குப்பிள்ளைக்குப் போன் செய்து முன்கூட்டியே சொல்லிவிட்டோம். சொல்லாமல் விட்டால் ஆறு மாதம் கழித்து அவருக்கு நோட்டீஸ் வரும், பழி நம் மேல் விழும். தேதி முடிந்த சரக்கை மதுரைக்குக் கொண்டுவரவில்லை. அவர் குடோனிலேயே போட்டோ எடுத்து அழித்துவிட்டு, எங்கள் பாதிக்கு வரி இல்லாத சாதாரண கிரெடிட் நோட் கொடுத்தோம். அழித்த சரக்குக்கு எடுத்த உள்ளீட்டு வரியை அவர் திருப்பிக்கொண்டார்.

வண்டி கிளம்பும் நேரத்தில் இன்னொன்று. தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சத்துக்கு மேல் மதிப்புள்ள சரக்குக்கு இ-வே பில் வேண்டும். 1,05,000 ரூபாயோடு ஐந்து சதவீத வரி சேர்த்து 1,10,250. திரும்புகிற சரக்குதானே என்று டிரைவர் சலானை மட்டும் மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். கடைசி நிமிடத்தில்தான் கவனித்தோம்.

மொத்தக் கணக்கு இப்படி முடிந்தது. அவர் எங்களுக்குத் தர வேண்டிய பாக்கி 1,84,000 ரூபாய். அவர் பக்கம் வரவு: திரும்பிய சரக்கு 1,10,250, இரண்டாம் வகையில் 42,000 ரூபாய்ச் சரக்குக்குத் தள்ளுபடி 6,300, தேதி முடிந்த 14,700-ல் பாதி 7,350, ஸ்கீம்படி கடைகளுக்கு அவர் கொடுத்த சலுகைக்கு நாங்கள் தர வேண்டி நிலுவையில் இருந்த கிளெய்ம் 26,800. கூட்டினால் 1,50,700. மீதி 33,300-ஐ டெபாசிட்டில் கழித்து 66,700 ரூபாய்க்குக் காசோலை. கிளெய்ம் அவர் கேட்டது 31,400. பில் இல்லாத சிலவற்றைத் தள்ளினோம். ஆனால் எதைத் தள்ளினோம், ஏன் என்று ஒவ்வொரு வரியாக எழுதிக் கொடுத்தோம். இரண்டு வருடமாகக் "கிளெய்ம் பார்க்கிறோம்" என்று இழுத்த பணம் அது. ஏஜென்சி போனதைவிட அதுதான் அவருக்கு ஆறாத மனக்குறை என்று அப்போதுதான் தெரிந்தது.

கடன் வசூல் விஷயத்தில்தான் தவறு முழுக்க என்னுடையது. அண்ணாச்சிக்குக் கடைகளில் எங்கள் சரக்குக்கு மட்டும் சுமார் இரண்டு லட்சம் நின்றது. அது அவருடைய பணம், ஒப்பந்தப்படி எங்களுக்குச் சம்பந்தமில்லை. ஆனால் புதிய விநியோகஸ்தர் கடைக்குள் கால் வைத்த நிமிடம், பழையவருக்குப் பணம் கொடுக்க எந்தக் கடைக்காரருக்கும் அவசரம் இருக்காது. இது தெரிந்துதான் கடிதத்தில், "11.08.2023 வரை தென்காசிப் பகுதிக் கடைகளுக்கு வேறு யார் மூலமும் பில் போட மாட்டோம். உங்கள் வசூலுக்கு எங்கள் விற்பனைப் பிரதிநிதி வாரம் இரண்டு நாள் உடன் வருவார்" என்று எழுதியிருந்தேன். பையன் ஒழுங்காகப் போனான், வசூலும் ஆனது. ஆனால் புதியவர் ஆகஸ்ட் 8 அன்றே ஆர்வத்தில் நான்கைந்து கடைக்குப் பில் போட்டுவிட்டார். நான்கு நாள்தான் வித்தியாசம். அன்று மாலையே அண்ணாச்சி போன் செய்தார். கத்தவில்லை. "தம்பி, ஒங்க லெட்டர் என் கையிலதான் இருக்கு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அன்றிரவே புதியவரிடம் பேசி அந்தக் கடைகளின் டெலிவரியைப் பன்னிரண்டாம் தேதிக்குத் தள்ளினோம். அந்தக் கடைகளின் பாக்கி மட்டும் வசூலாக அக்டோபர் ஆயிற்று, அதுவரை எங்கள் பையன் போய்க்கொண்டிருந்தான்.

காசோலையைக் கொடுத்த அன்று இருவருக்கும் பாக்கி இல்லை என்று ஒரு பக்கத்தில் கையெழுத்து வாங்கினோம். புதியவர் கேட்ட ஆட்சேபணை இல்லை கடிதத்தை அண்ணாச்சி அங்கேயே எழுதிக் கொடுத்தார். பழையவரிடமிருந்து அந்தத் தாள் வராமல் புது ஆள் துணிந்து முதல் போட மாட்டார், ஊரில் விநியோகஸ்தர்கள் ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள். கடைக்காரர்களிடம் என்ன சொல்வது என்றும் முன்பே பேசிவைத்திருந்தோம். ஆள் வசதி இல்லாததால் அவர் லைனைக் குறைத்துக்கொள்கிறார் என்று இரண்டு தரப்பும் சொன்னோம். அது பொய்யும் இல்லை.

எல்லாம் முடிந்தது என்று நினைத்திருந்தேன். டிசம்பரில் அண்ணாச்சியிடமிருந்து போன். குற்றாலம் ரோட்டில் ஒரு மளிகைக் கடையில் தேதி முடிந்த ரசப் பொடி நாற்பது பாக்கெட் கிடக்கிறதாம். அவர் ஏப்ரலில் போட்ட சரக்கு. கடைக்காரர் அவரைக் கேட்கிறார், அவர் புதியவரைக் கைகாட்டினார், புதியவர் "நான் போட்ட சரக்கு இல்ல" என்கிறார். கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். குடோன் சரக்கைப் பற்றிப் பாதிக் கடிதம் எழுதிய நான், அவர் விற்றுக் கடை அலமாரியில் உட்கார்ந்திருக்கும் சரக்கைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. நாற்பது பாக்கெட்டையும் நாங்களே எடுத்துக்கொண்டு கடைக்காரருக்குப் புதுச் சரக்கு கொடுத்தோம்.

அதற்குப் பிறகு எழுதும் கடிதங்களில் இப்படி ஒரு பத்தி இருக்கிறது: "கடைசித் தேதிக்கு முன் நீங்கள் கடைகளுக்கு விற்ற சரக்கில் தேதி முடிவது எதுவாக இருந்தாலும், அடுத்த ஒன்பது மாதம் வரை புதிய விநியோகஸ்தர் மூலம் நாங்களே மாற்றிக் கொடுப்போம். அதற்கு உங்களிடம் எதுவும் கேட்க மாட்டோம்." புதியவரோடு போடும் ஒப்பந்தத்திலும் அதே பத்தி, அந்தச் செலவு நிறுவனத்துடையது என்று சேர்த்து.